மூன்று பெரிய பார்ட்டிகள்: ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் கணக்கு

அட்டைப்பெட்டி செய்யும் ஆலையின் பில் புத்தகத்தைப் புரட்டினால் அறுபது, எழுபது பெயர்கள் இருக்கும். ஆனால் மாதச் சம்பளமும் வங்கித் தவணையும் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களை நம்பியே ஓடும். அந்த இரண்டு மூன்று பெயர்களுக்கு மட்டும் தனியாக எழுதி வைக்கப்படும் ஓராண்டுத் திட்டத்தைத்தான் விற்பனைத் துறையில் 'கீ அக்கவுண்ட் பிளான்' என்கிறார்கள். தமிழில் முக்கிய வாடிக்கையாளர் திட்டம். அந்தப் பார்ட்டியிடம் இப்போது என்ன விற்கிறோம், அதில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது, அவருடைய குடோனில் நம் பெட்டி எப்படி நடந்துகொள்கிறது, அடுத்த ஆண்டு எதைக் கூடுதலாக விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அந்தப் பார்ட்டியோடு உட்கார்ந்து அதைச் சரிபார்ப்பது ஆண்டு ரிவ்யூ. இதைவிட நல்ல பெட்டியையோ கூடுதல் சேவையையோ எடுத்துக்கொள்ள வைப்பது 'அப்செல்லிங்'.

கோவைக்கும் பல்லடத்துக்கும் இடையில் இயங்கும் ஒரு நடுத்தர ஆலையை மாதிரிக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆலையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை; ஆனால் அந்த வட்டாரத்தில் பெட்டித் தொழில் செய்பவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. ஆண்டு விற்பனை 24 கோடி ரூபாய். முதல் பார்ட்டி திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர், 6 கோடி. இரண்டாவது கோவையில் மோட்டார் பம்ப் செய்பவர், 4 கோடியே 20 லட்சம். மூன்றாவது காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் பாக்கெட் போடுபவர், 3 கோடி. மூன்றும் சேர்ந்தால் விற்பனையில் 55 சதவீதம். தீபாவளிக்கு முதலாளியே நேரில் இனிப்புப் பெட்டி கொண்டுபோவது திருப்பூருக்குத்தான். எண்ணெய்க்காரருக்கு அது கூரியரில் போகும்.

திட்டத்தின் முதல் வேலை இந்த வரிசையைக் கலைத்துப் பார்ப்பது. பெட்டியின் விலையிலிருந்து பேப்பர், பசை, மை, கரண்ட், கூலி எல்லாம் போக நிற்பதைத்தான் ஆலைகள் வழக்கமாக லாபம் என்று சொல்கின்றன. அந்தக் கணக்கில் திருப்பூர் பார்ட்டியிடம் 12 சதவீதம், அதாவது 72 லட்சம் நிற்கிறது. பம்ப் கம்பெனியிடம் 15 சதவீதம், 63 லட்சம். எண்ணெய்க்காரரிடம் 11 சதவீதம், 33 லட்சம். இதோடு நிறுத்திக்கொண்டால் திருப்பூர்தான் மகாராஜா.

ஆனால் அந்தப் பார்ட்டியை வைத்துக்கொள்ள ஆகும் செலவு இதில் இன்னும் கழிக்கப்படவில்லை. திருப்பூரில் பணம் வர 110 நாள் ஆகிறது. 6 கோடி வியாபாரத்தில் 110 நாள் கடன் என்றால் எந்நேரமும் 1 கோடியே 80 லட்சம் வெளியில் நிற்கிறது. 11 சதவீத வட்டிக்கு அதுவே ஆண்டுக்கு 20 லட்சம். ஷிப்மென்ட் நெருக்கடியில் "நாளைக்குக் காலைல கண்டெய்னருங்க" என்று போன் வந்தால் அரை வண்டி லோடோடு டெம்போ போகிறது. அதில் 9 லட்சம். ஒவ்வோர் ஆர்டருக்கும் அளவு வேறு, பிரிண்ட் வேறு. மெஷினை மாற்றி மாற்றி செட் செய்வதில் போகும் நேரமும், ஆர்டர் குறைந்துவிட்டதால் ஆலையிலேயே தங்கிவிட்ட அச்சிட்ட பெட்டிகளும் சேர்ந்து 14 லட்சம். டெபிட் நோட்டுகளில் 5 லட்சம். ஆக 72-ல் 48 போய் 24 லட்சம்தான் கையில் நிற்கிறது, விற்பனையில் 4 சதவீதம்.

எண்ணெய்க்காரர் 30 நாளில் பணம் தருகிறார். நான்கே அளவுகள், எப்போதும் முழு லோடு. வட்டியும் மற்றவையும் சேர்ந்து 6 லட்சம்தான் கழிகிறது. 27 லட்சம் மிஞ்சுகிறது. திருப்பூரின் பாதி அளவு வாங்குபவர் திருப்பூரைவிட அதிகம் தருகிறார். பம்ப் கம்பெனியில் 21 லட்சம் கழித்து 42 லட்சம். இந்த ஒரு கணக்கைப் போடாமல் எழுதிய திட்டம் வெறும் விற்பனை இலக்குத்தாள்தான். போன ஆண்டு எண்ணோடு 15 சதவீதம் கூட்டி எழுதியிருப்பார்கள், மார்ச் மாதம் அதை யாரும் தேடமாட்டார்கள்.

இரண்டாவதாகத் தெரிய வேண்டியது, அந்தப் பார்ட்டி வாங்கும் மொத்தப் பெட்டியில் நம் பங்கு எவ்வளவு என்பது. நேரே கேட்டால் பர்ச்சேஸ் மேனேஜர் சிரிப்பார். கேட்காமலே கணக்கிட வழி உண்டு. பம்ப் கம்பெனி ஆண்டுக்கு 7 லட்சம் பம்ப் அனுப்புகிறது என்பது அதன் பேக்கிங் லைனில் நின்று பேசினாலே தெரியும். பம்புக்கு ஒரு பெட்டி. நம் ஆலை கொடுப்பது 4 லட்சத்து 20 ஆயிரம். பங்கு 60 சதவீதம். மீதி யாருடையது என்பதும் ரகசியமில்லை. பெட்டியின் அடி மடிப்பில் செய்தவர் பெயர் அச்சிட்டிருக்கும். போட்டியாளர் எவ்வளவு கொடுக்கிறார் என்பதை அறிய ஸ்டோரில் காலியாகக் கட்டி வைத்திருக்கும் பண்டல்களை எண்ணிவிட்டு வருபவர்கள் உண்டு. இந்தப் பங்கு இறங்குவதுதான் முதல் எச்சரிக்கை. பார்ட்டியின் பம்ப் விற்பனை ஏறியிருக்க, நமக்கு வரும் ஆர்டர் அப்படியே நின்றால் இன்னொருவர் உள்ளே வந்துவிட்டார் என்று பொருள். பழகிய பெட்டிக்குத் திடீரென்று பேப்பர் விவரம், ஜி.எஸ்.எம்., அளவு எல்லாம் எழுத்தில் கேட்டாலும் அதே பொருள்தான். அந்தத் தாள் வேறொருவரிடம் விலை கேட்கப் போகிறது.

மூன்றாவது, ஆட்கள். பெட்டியின் விலையைப் பேசுபவர் பர்ச்சேஸில் இருக்கிறார். பெட்டியை இறக்கி எண்ணுபவர் ஸ்டோர்ஸில். அதை நிராகரிக்கும் அதிகாரம் குவாலிட்டியில். காசோலை அக்கவுண்ட்ஸில். பெட்டியைப் பற்றி எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவரோ பேக்கிங் லைன் சூப்பர்வைசர். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. திட்டத்தில் இந்த ஐந்து இடங்களுக்கும் எதிரே ஆலையின் பக்கத்திலிருந்து யார் பேசுவார் என்று எழுதப்பட வேண்டும். எல்லாம் ஒரே விற்பனையாளரின் செல்போனில் இருந்தால், அவர் வேலை மாறும் நாளில் பார்ட்டியும் சேர்ந்து மாறும்.

இந்த மூன்றும் தெரிந்த பிறகுதான் அடுத்த ஆண்டு ஒவ்வொருவரிடமும் என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. மூவருக்கும் ஒரே பதில் இல்லை.

திருப்பூர் பார்ட்டியிடம் அப்செல்லிங் வேலைக்காகாது. எந்தப் பெட்டி என்று முடிவு செய்வது அவரல்ல. கடல் கடந்து இருக்கும் அவருடைய பையர். எத்தனை பிளை, எவ்வளவு பர்ஸ்டிங் வலிமை, எந்தப் பக்கத்தில் என்ன எழுத்து என்று பையரின் கையேட்டில் எழுதியிருக்கும். அதைவிட நல்ல பெட்டி கொண்டுபோனால் பாராட்டிவிட்டுப் பழைய பெட்டியையே ஆர்டர் செய்வார்கள். அதனால் இங்கே திட்டம் கசிவை அடைப்பதிலேயே நிற்க வேண்டும். எல்லா ஆர்டருக்கும் பொதுவான பிரிண்ட் ஒன்றைப் பையரின் ஒப்புதலோடு முடிவு செய்து, ஆர்டர் எண்ணும் சைஸும் வரும் கட்டத்தை வெற்றாக விட்டு அதில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளச் செய்யலாம். மிஞ்சிய பெட்டி அடுத்த ஆர்டருக்குப் போகும். 14 லட்சத்தில் பாதி மிச்சமாகும். அவசர டெலிவரிக்கு வண்டி வாடகையைத் தனியாக பில் போடலாம்.

கடன் நாளைக் குறைப்பதற்குச் சட்டமே துணையாக இருக்கிறது. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-24 நிதியாண்டு முதல், அந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் வைத்த தொகையை வாங்குபவர் பணம் கொடுக்கும் ஆண்டு வரை தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. முதல் விதியைக் காட்டி மிகப்பெரிய பார்ட்டியிடம் வழக்குப் போடும் ஆலை முதலாளி அபூர்வம். இரண்டாவதைப் பார்ட்டியின் ஆடிட்டரே சொல்லிவிடுகிறார் என்பதுதான் அதன் பலன். 110 நாளை 75 ஆக்கினால் 6 லட்சத்துக்கு மேல் வட்டி மிச்சம். ஒரு பெட்டிகூடக் கூடுதலாக விற்காமல் 24 லட்சம் 37 லட்சத்தை எட்டிவிடும்.

இதே பார்ட்டிக்குத் திட்டத்தில் இன்னொரு வரியும் வேண்டும்: விற்பனையில் இவர் பங்கு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்போதே அந்த எல்லையில்தான் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதமானபோது, அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த திருப்பூர் ஆலைகளின் நெருக்கடி துணியோடு நிற்கவில்லை. அந்தத் துணியை அடைக்கும் பெட்டிக்கும் வந்தது.

பம்ப் கம்பெனியிடம் விற்க இடமிருக்கிறது. வார்ப்பிரும்பு மோனோபிளாக் பம்ப் 15 கிலோவுக்கு மேல் எடை. பெட்டிக்குள் அது அசையாமல் இருக்க மேலும் கீழும் தெர்மகோல் வைக்கிறார்கள். அது வேறொருவர் விற்பது. அதற்குப் பதிலாக நெளி அட்டையையே டை கட் செய்து மடித்துக் கொடுக்கலாம். மடிக்காமல் தட்டையாக வருவதால் ஒரு அறை நிறையும் தெர்மகோல் இருந்த இடத்தில் ஒரு மூலை போதும். ஆனால் இதை விலையை மட்டும் வைத்துப் பேச முடியாது. விழுதல் சோதனை செய்து காட்ட வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் ஐ.எஸ்.டி.ஏ. 1ஏ முறையில் ஒரே பெட்டியை ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம் என்று பத்து முறை கீழே போடுகிறார்கள். இந்த எடைக்கு உயரம் 61 சென்டிமீட்டர். பத்தாவது முறைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து ஃபேன் கவர் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு பர்ச்சேஸ், குவாலிட்டி, சூப்பர்வைசர் மூவரும் சுற்றி நிற்க வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டுக்கு மதிப்புக் குறைவு.

மூவரில் கூர்ந்து பார்க்கத்தக்கது எண்ணெய்க்காரரின் கணக்கு. அப்செல்லிங் எங்கே நியாயமாகிறது, எங்கே ஏமாற்றாகிறது என்ற கோடு அதில் தெளிவாகத் தெரியும்.

அவர் வாங்குவதில் முக்கியமானது 1 லிட்டர் பாக்கெட் 12 அடங்கும் 3 பிளை பெட்டி. விலை 18 ரூபாய், ஆண்டுக்கு 10 லட்சம் பெட்டி. எண்ணெயோடு எடை பதினொன்றரை கிலோ. குடோனில் எட்டு அடுக்கு அடுக்குகிறார்கள். அடிப்பெட்டியின் மேல் ஏழு பெட்டி, அதாவது சுமார் 80 கிலோ. டின்னாக இருந்தால் அதுவே பாரத்தைத் தாங்கும். பாக்கெட் தாங்காது, முழு பாரமும் அட்டையின் நான்கு சுவர் மேல்தான் இறங்கும்.

ஆலையின் கம்ப்ரஷன் மெஷினில் அந்தப் பெட்டி 180 கிலோ வரை தாங்குகிறது. 80-க்கு 180 தாராளம் என்று தோன்றும். ஆனால் அது செய்த அன்றைய கணக்கு. அட்டை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலக் காற்றில் ஊறிய பெட்டி தன் வலிமையில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. பாரம் ஏறிய நிலையில் இரண்டு மூன்று மாதம் நின்றால், மிஞ்சியதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். 180 கிலோ 90 ஆகி, 90 கடைசியில் 50 ஆகிறது. மேலே இருப்பதோ 80. அப்படியொரு குடோனில் அடிப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தட்டையாக இருக்க வேண்டிய சுவர் பானை வயிறு போலப் புடைத்திருப்பது தெரியும். கீழ் விளிம்பில் எண்ணெய்க் கறை ஒரு விரற்கடை ஏறியிருக்கும். சரிவு அடுத்த வாரம்தான் வரும். செய்தி அப்போதே வந்துவிடுகிறது. பெட்டித் தொழிலில் மெஷின் காட்டும் எண், மேலே ஏறும் பாரத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில் அவசரப்படும் விற்பனையாளர் 5 பிளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அது 400 கிலோவுக்கு மேல் தாங்கும். விலையோ 30 ரூபாயைத் தொடும். பர்ச்சேஸ் மேனேஜர் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுவார்: "ஏனுங்க, எண்ணெய் விக்கறதா, பெட்டி விக்கறதா நானு?" இடைவழி ஒன்று இருக்கிறது. 3 பிளையே, ஆனால் கனமான, வலுவான கிராஃப்ட் பேப்பர், கொஞ்சம் உயரமான நெளி. இது 290 கிலோ வரை வருகிறது. பேப்பருக்குக் கூடுதலாக 3 ரூபாய் 30 காசு ஆகிறது. விலையில் நாலரை ரூபாய் ஏற்ற வேண்டும்.

இப்போது பார்ட்டியின் பக்கம் நின்று கணக்குப் போட வேண்டும். ஆண்டு முழுவதும் நசுங்குவது ஆயிரத்துக்கு ஐந்து, ஆக 5,000 பெட்டி. பெட்டிக்கு இரண்டு பாக்கெட் ஒழுகி, மீதியைத் துடைத்து வேறு பெட்டியில் போடும் கூலியும் சேர்ந்து 600 ரூபாய் நஷ்டம் என்றால் மொத்தம் 30 லட்சம். எல்லாப் பெட்டியையும் மாற்றினால் அவருக்கு ஆகும் கூடுதல் செலவு 45 லட்சம். முப்பதைக் காப்பாற்ற நாற்பத்தைந்து செலவழிக்கச் சொல்வது அப்செல்லிங் ஆகாது. அதைச் சாமர்த்தியமாகப் பேசி விற்றுவிட்டாலும், அடுத்த ரிவ்யூவில் பார்ட்டியின் அக்கவுண்டண்ட் அதே கணக்கைப் போட்டுவிடுவார்.

ஆனால் நசுங்கிய 5,000 பெட்டியும் எங்கே நசுங்கின என்று கேட்டால் படம் மாறுகிறது. பார்ட்டியின் டெப்போக்களிலிருந்து வந்த ரிட்டர்ன் சீட்டுகளை இடவாரியாகப் பிரித்தால், 4,000 பெட்டி கேரள டெப்போக்களில் நசுங்கியவை. அங்கே போவது 3 லட்சம் பெட்டி மட்டுமே. கேரளத்தில் மழை நீளம், சரக்கு நாள்கணக்கில் நிற்கிறது. தமிழகத்து உள்மாவட்டங்களில் வாரத்தில் காலியாகிவிடும் பெட்டிக்கு அந்தச் சோதனையே வருவதில்லை. ஆகவே நல்ல பெட்டி கேரள லோடுக்கு மட்டும். கூடுதல் செலவு பதின்மூன்றரை லட்சம். நசுங்குவதில் முக்கால்வாசி, அதாவது 3,000 பெட்டி தப்பினால் மிச்சம் 18 லட்சம். பார்ட்டிக்கு நாலரை லட்சம் லாபம். ஆலைக்குப் பெட்டிக்கு 1 ரூபாய் 20 காசு வீதம் 3 லட்சத்து 60 ஆயிரம். 27 லட்சத்தோடு சேரும்போது அது சின்ன எண் இல்லை.

பெட்டி மட்டும் போதாது என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. 290 கிலோ பெட்டியும் ஈரத்தில், நாள்பட நின்றால் 80 கிலோ தாங்கும் நிலைக்கு வந்துவிடும். எட்டு அடுக்கின் பாரமும் 80. நூலிழையில் நிற்கிறது. அடுக்கை ஏழாகக் குறைத்தால் பாரம் 69 கிலோவாகிக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும். பெட்டியை விற்கும்போதே ஏழுக்கு மேல் அடுக்காதீர்கள் என்று எழுத்தில் கொடுப்பதும் விற்பனையின் பாகம். கொடுக்காவிட்டால் எட்டாவது அடுக்கில் சரிந்த பெட்டிக்கும் டெபிட் நோட் ஆலைக்குத்தான் வரும்.

இந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் ஆண்டு ரிவ்யூ. அதன் வெற்றி பாதிக்கு மேல் தேதியிலேயே முடிவாகிவிடும். பம்புக்குக் கோடைதான் சீசன். மார்ச் மாதம் போய் நின்றால் யாரும் உட்காரக்கூட மாட்டார்கள். சீசன் தொடங்குமுன், பார்ட்டி தன் அடுத்த ஆண்டு பட்ஜெட்டை மூடுமுன் போக வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பே, நிலுவையிலுள்ள டெபிட் நோட்டுகள் ஒவ்வொன்றையும் ஒத்துக்கொண்டோ மறுத்தோ முடித்துவிட வேண்டும். தீராத ஒரு டெபிட் நோட் மேஜையில் கிடக்கும்போது புதுப்பெட்டியைப் பற்றிப் பேசினால், இரண்டு மணி நேரமும் அந்த டெபிட் நோட்டிலேயே போய்விடும்.

கூட்டத்தில் முதலில் வைக்க வேண்டியது நம்முடைய மார்க் ஷீட். சொன்ன தேதியில், சொன்ன எண்ணிக்கையில் போன லோடு நூற்றுக்கு எத்தனை, நிராகரிக்கப்பட்ட பெட்டி எத்தனை, புகார் வந்து எத்தனை நாளில் தீர்ந்தது என்ற மூன்று எண்கள் போதும். பார்ட்டி தன் பதிவேட்டிலிருந்து இதே எண்களை எடுத்து வந்திருப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதைப் பேசித் தீர்ப்பதே அன்றைய முதல் வேலை. எண்ணைக் கூட்டிக் காட்டுவதைவிட மோசமான தொடக்கம் இல்லை.

அடுத்தது விலை. பெட்டி விலையில் பெரும்பங்கு பேப்பர். ஆண்டுக்கொரு விலை என்று கைகுலுக்கிவிட்டு வந்தால் மில் விலை ஏறும்போது ஆலை மாட்டிக்கொள்ளும், இறங்கும்போது பார்ட்டி வேறு ஆளைத் தேடும். 2021 ஜனவரியிலிருந்து சீனா கழிவுத்தாள் இறக்குமதியை அடியோடு நிறுத்தியபோது, இந்திய மில்களின் கிராஃப்ட் அங்கே போகத் தொடங்கி உள்ளூர் விலை கிடுகிடுவென்று ஏறியது. நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்டிருந்த பெட்டிக்காரர்கள் ஒவ்வொரு லோடிலும் கைக்காசைச் சேர்த்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பலரும் சூத்திர விலைக்கு மாறியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பெட்டியில் 300 கிராம் பேப்பர். கழிவு 5 சதவீதம் சேர்த்தால் 315 கிராம். கிலோவுக்கு 1 ரூபாய் மாறினால் பெட்டிக்கு 32 காசு மாறும். காலாண்டுக்கு ஒரு முறை சராசரி மில் விலையைப் பார்த்து, மாற்றம் ஒன்றரை ரூபாய்க்குள் இருந்தால் தொடுவதில்லை, தாண்டினால் இரு பக்கமும் தானாக மாறும் என்று எழுதிக்கொள்ளலாம். இறங்கும்போதும் கேட்காமலே இறக்குகிற ஆலைக்குத்தான் ஏறும்போது ஏற்றிக் கேட்க வாய் வரும்.

இவ்விரண்டும் முடிந்த பிறகே புதுப்பெட்டி. அதையும் பர்ச்சேஸ் மேனேஜர் முன்னால் மட்டும் வைத்தால் அவர் பெட்டியின் விலையை மட்டும் பார்ப்பார். அவருக்கு மதிப்பெண் அதில்தான். ஒழுகிய எண்ணெயின் நஷ்டம் அவர் கணக்கில் வருவதில்லை, டெப்போ கணக்கில் எழுதப்படுகிறது. டெப்போவுக்குப் பொறுப்பானவரும், இரண்டு கணக்கையும் ஒன்றாகப் பார்க்கும் முதலாளியும் அறையில் இருந்தால்தான் நாலரை ரூபாய் ஏற்றத்துக்கு அர்த்தம் கிடைக்கும். அப்போதும் ஒரேயடியாக ஆர்டர் கேட்க வேண்டியதில்லை. ஒரு டெப்போ, ஒரு மழைக்காலம், 20,000 பெட்டி என்று சோதனைக்குக் கேட்பது போதும். பழைய பெட்டி போகும் இன்னொரு டெப்போவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்து மூன்று நாளுக்குள் ஒரு பக்கத்தில் முடிவுகள், பொறுப்பு யார், எந்தத் தேதி என்று மெயில் போக வேண்டும். ஆண்டு ரிவ்யூ என்ற பெயரை நம்பி அடுத்த ஆண்டு வரை கோப்பை மூடிவிடுவது வழக்கமான தவறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரமாவது அந்தப் பக்கத்தை எடுத்து டிக் அடிக்காவிட்டால், அடுத்த ரிவ்யூவில் போன ஆண்டு முடிவுகளே மறுபடி முடிவுகளாக வந்து நிற்கும்.

எண்ணெய்க்காரரின் விஷயத்தில் சோதனை நன்றாக வந்து, மறு ஆண்டு கேரள லோடு முழுவதும் புதுப்பெட்டிக்கு மாறியதாகக் கொள்ளலாம். ஆண்டு முடிவில் ரிட்டர்ன் சீட்டுகளை எண்ணும்போது 4,000 நசுங்கிய இடத்தில் 1,150. எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகம். பிரித்துப் பார்த்தால் அதில் 700 ஒரே குடோனிலிருந்து வந்திருக்கிறது. ஆலையிலிருந்து ஒருவர் போய்ப் பார்க்கிறார்: இடநெருக்கடியில் ஒன்பது அடுக்கு அடுக்கியிருக்கிறார்கள். ஏழுக்கு மேல் வேண்டாம் என்ற தாள் அலுவலக அறையில் ஆணியில் தொங்குகிறது. சுமை இறக்குபவர்கள் அந்த அறைக்குள் போவதே இல்லை. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எண்ணெய்ப் பார்ட்டியின் பெயருக்கு எதிரே சேர்ந்த முதல் வரி ஒரு டப்பா பெயின்ட். பெட்டியின் உயரம் 25 சென்டிமீட்டர். எல்லா டெப்போ சுவரிலும் தரையிலிருந்து ஒன்றேமுக்கால் மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு.